நாயின் ரத்தம், பெண்ணின் பெயர்

எனக்குப் பொறுமை கம்மி. கால்நடை வைத்தியத்தில் அது பெரிய குறை இல்லை. மாடும் நாயும் அதைக் கண்டுகொள்வதே கிடையாது. கூட வருகிறவர்கள்தான் முகம் சுளிப்பார்கள். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, மாடியில் வெள்ளைக்காரர்கள் மூச்சுப் பயிற்சி செய்கிற ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் என் கிளினிக் இருக்கிறது. மேலே அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது கீழே நான் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த அம்மாவையும் முதல் நாளே திட்டினேன். அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார். கிரிவலப் பாதையோரம் சின்னதாக ஒரு பெட்டிக்கடை, பின்னால் கொஞ்சம் மல்லாட்டை நிலம்; வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். வயது என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய். மான் நிறம், ஒட்டிய வயிறு, நீளக் கழுத்து. பருவத்துக்கு வந்து அன்றைக்குப் பதினோராம் நாளாம். செங்கம் பக்கத்தில் கடுவன் நாய் வைத்திருக்கிற ஒருவரிடம் சேர்க்கைக்குக் கொண்டுபோகிற வழியில், அதற்கு லேசாக இருமல் என்று மருந்து கேட்க இறங்கியிருக்கிறார்.

இருமல் ஒன்றுமில்லை. இதற்கு முன் இரண்டு பருவத்திலும் அதே கடுவனிடம் கொண்டுபோனதாகவும், சினை நிற்கவே இல்லை என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். எந்த நாளில் என்று கேட்டேன். பதினொன்று, பதிமூன்று என்றார். அதுதான் கணக்கு என்று கடுவன்காரர் சொன்னாராம். பெட்டை இசைந்து நின்றதா என்று கேட்டேன். நிற்கவில்லை, கடிக்க வந்தது, வாயைத் துணியால் கட்டி நான்தான் பிடித்துக்கொண்டேன் என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தப் பதினோராம் நாள் கணக்கை எந்த மகராசன் ஆரம்பித்து வைத்தானோ தெரியாது, ஜில்லா முழுக்க அதுதான் ஓடுகிறது. எல்லா நாய்க்கும் ஒரே நாளில் முட்டை வெளியாவதில்லை. சிலதுக்கு சீக்கிரம், சிலதுக்கு வெகு தாமதம். கடை திறப்பதற்கு முன்னால் போய் நின்றுவிட்டு, சாமான் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறீர்கள், அதுவும் ரெண்டு தடவை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப இன்னும் இருக்குங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த அவசரம் நாய் வளர்க்கிறவர்களிடம் நான் வழக்கமாகப் பார்க்கிறது இல்லை.

ஈரப் பஞ்சுக்குச்சியைப் பெட்டையின் பிறப்புறுப்புக்குள் மேல்நோக்கிச் சாய்த்து விட்டு, மெதுவாகச் சுழற்றி எடுத்து, கண்ணாடித் துண்டில் உருட்டிச் சாயம் போட்டேன். நுண்ணோக்கியில் அவரையும் பார்க்கச் சொன்னேன். பருவம் ஏற ஏற அந்தச் சுவரின் செல்கள் மாறும். முதலில் உருண்டையாக, நடுவில் பெரிய கருவோடு இருக்கும். முற்றும்போது அகலமாகி, ஓரம் மடிந்து, நொறுங்கிய அப்பளம் மாதிரி ஆகிவிடும். உள்ளே கரு சுருங்கிப் புள்ளியாகும், இல்லாவிட்டால் அடியோடு மறையும். ஏறக்குறைய எல்லாமே அப்பளமாக வேண்டும். அன்றைக்குப் பாதிகூட ஆகவில்லை. நடுநடுவே உருண்டைகள், ரத்த அணுக்கள், கொஞ்சம் வெள்ளணுக்கள். கடுவனிடம் இன்றைக்குப் போகவேண்டாம் என்றேன்.

ஆனால் இந்தக் கண்ணாடித் துண்டு முழுக்கதையையும் சொல்லாது. எல்லாம் அப்பளமான பிறகும் முட்டை எந்த நாளில் வெளியாகிறது என்பது அதில் தெரியாது. அதற்கு ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் அளவு பார்க்க வேண்டும். அது ஒன்றுக்கும் கீழே கிடக்கும். இரண்டைத் தாண்டினால் ஆட்டம் ஆரம்பம். ஐந்துக்கு மேல் போனால் முட்டை வெளியாகிவிட்டது. வெளியான முட்டையும் உடனே தயாராக இருக்காது, பக்குவப்பட இரண்டு நாள் ஆகும். சேர்க்கை அப்போதுதான்.

ஊருக்குள் நாய்க்கென்று பரிசோதனைக்கூடம் கிடையாது. மனிதர்களுக்கு ரத்தம் பார்க்கிற இடத்துக்குத்தான் அனுப்புவேன். ரத்தம் ஒன்றுதான், இயந்திரத்துக்கு யார் ரத்தம் என்று தெரியாது. அங்குள்ள கம்ப்யூட்டர்தான் ஒத்துக்கொள்ளாது. பெயர், வயது, ஆணா பெண்ணா என்று கேட்கும். நாய் என்று போட இடமில்லை. வழக்கமாக நாயைக் கொண்டுவருகிறவர்களின் பெயரையே எழுதச் சொல்வேன். அந்த அம்மாவிடம் ஏதாவது ஒரு பொம்பளை பெயர் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் குழாயில் ரத்தம் இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பெயர் சொன்னார். வயது இருபத்தி நாலு என்றார். என் உதவியாளர் எழுதிக்கொண்டார். நான் தலையைத் தூக்கவில்லை.

முதல் ரத்தத்தில் அளவு ஒன்றைத் தொடவில்லை. மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன். இரண்டாம் தடவை கண்ணாடித் துண்டில் எல்லாம் அப்பளம், பின்னணி சுத்தமாக இருந்தது. ரத்தம் போன அன்று மாலை அந்த அம்மா எதிர் டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தார். குறுஞ்செய்தி வந்ததும் உள்ளே வந்து போனை என் முன்னால் நீட்டினார். அன்புள்ள இன்னார், உங்கள் ரிப்போர்ட் தயார் என்று இருந்தது. இன்னார் இருந்த இடத்தில் அந்தப் பெயர். நான் அளவை மட்டும் பார்த்தேன். இரண்டைத் தாண்டியிருந்தது. ஆட்டம் ஆரம்பிச்சாச்சு என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

"எம் பொண்ணு பேருங்க அது," என்றார். "போன் கூட அவளுதுதான்."

பொண்ணு இப்போது எங்கே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

சென்னையில் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் வாங்கின குட்டி இது. அங்கே அறையில் வைத்துக்கொள்ள முடியாதென்று இங்கே விட்டிருந்தாள். இது குட்டி போட்டால் அதில் ஒன்று எனக்கு, அதற்குள் தனி வீடு பார்த்துவிடுவேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவாளாம். டெங்கு காய்ச்சல். நாலு நாள் அங்கே தீவிர சிகிச்சையில் இருந்தாள். உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, வீட்டில் ஒரு மணி நேரம்கூட வைக்காமல் எடுத்துவிட்டார்கள். "எங்கள எல்லாம் தெருமுனையோட நிறுத்திட்டாங்க மேடம். அதுக்கு மேல பொம்பளைங்க வரக்கூடாதுன்னுட்டாங்க," என்றார். இரண்டு வருடம் ஆகிறது. போனுக்கு மாதாமாதம் பணம் போட்டு உயிரோடு வைத்திருக்கிறார். அவளுடைய போனில் அவள் பெயரில் வங்கி, கடை, எல்லாச் செய்தியும் கொஞ்ச நாள் வந்து, ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று. இப்போதுதான் மறுபடி வர ஆரம்பித்திருக்கிறது.

பெட்டைக்கு ஆறரை வயது. இதற்கு மேல் சேர்க்கை வேண்டாம் என்று நான்தான் சொல்லப்போகிறேன், அது அவருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கு ஒரு குட்டி வேண்டும். விற்க அல்ல. அந்தப் பெண் தனக்கென்று சொல்லி வைத்திருந்த அந்த ஒன்று பிறந்தாக வேண்டும், அவ்வளவுதான். நாயைப் பார்த்தேன். அது யாருக்காகவும் ஏங்குவதாக எனக்குத் தெரியவில்லை. என் மேசைக்காலை முகர்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மூன்றாவது ரத்தம் எடுக்க வேண்டிய நாள் பௌர்ணமியில் வந்து விழுந்தது. வெளியூர்க்காரர்களுக்குப் பௌர்ணமி என்றால் புண்ணியம்; கடை வைத்திருக்கிறவர்களுக்கு வியாபாரம்; ஆட்டோ பிடித்து எங்காவது போக வேண்டியவர்களுக்குத் தலைவலி. பாதையில் வண்டி விடமாட்டார்கள். அவர் வீட்டுக்காரர், கடையில் ரெண்டு ஆள் வேலை இருக்கும்போது நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாயா என்று கத்தியிருக்கிறார். அந்த அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

எல்லாரும் மலையை வலமாகச் சுற்றி வருகிறார்கள். அடி அண்ணாமலையிலிருந்து என் இடத்துக்கு அந்தப் பாதையிலேயே வந்தால் கூட்டத்துக்கு எதிரே வரவேண்டும். சாயங்காலம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை முகமும் ஒரு பக்கம் போக, ஒரே ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் வருகிறாள். கையில் சங்கிலி, பின்னாலேயே மூன்று தெருநாய்கள், அவற்றை விரட்ட ஒரு குச்சி. வழியில் இரண்டு பேர் எதிர்சுற்று சுத்தக்கூடாதும்மா என்று புத்தி சொன்னார்களாம். ஒருத்தர் நாயின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, தீட்டோடு இதில் கொண்டுவருகிறாயே என்று ஏசினாராம். வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, அது எல்லாம் கிடக்கட்டும், ரத்தம் எடுங்க என்றார்.

எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஏதோ பயம் வந்தது, அது என்னவென்று அப்போது தெரியவில்லை. நாயின் முன்னங்காலில் ஊசி இறக்கும்போது, யாருடைய ரத்தத்தை எடுக்கிறேன் என்று ஒரு நொடி குழம்பியது. உதவியாளர் சந்துகள் வழியாக டவுனுக்கு நடந்தே குழாயைக் கொண்டுபோனார். செய்தி வந்தபோது போன் மேசைமேல் அதிர்ந்தது; நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம், இருவரும் கொஞ்ச நேரம் தொடவில்லை. பிறகு அவரே திறந்தார். ஆறுக்கு மேல். அளவின் பக்கத்தில், இருபத்தி நாலு வயதுப் பெண்ணுக்கு இது சரியான அளவு என்று பொருள்படும்படி அச்சடித்திருந்தார்கள்.

முட்டை வெளியாகிவிட்டது, நாளை மறுநாள் செங்கம் போங்கள் என்றேன்.

கடுவன்காரர் முதலில் சிரித்திருக்கிறார். பதினெட்டு பத்தொன்பதாம் நாளில் எவன் நாயைச் சேர்ப்பான், உதிரமே நின்று தண்ணி மாதிரி ஆயிடுச்சு, சீசன் போயிடுச்சு என்றாராம். நான் போனில் பேசினேன். என்ன பேசினேன் என்பதை மாடியில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். அன்றைக்குப் பெட்டை வாலை ஒருபக்கம் ஒதுக்கி, கல் மாதிரி நின்றது. யாரும் வாயைக் கட்டவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு திரும்பி நின்றதைப் பார்த்த கடுவன்காரர் அதற்கப்புறம் எனக்குப் போன் செய்து, இன்னொரு பெட்டைக்கு நாள் கேட்டார். ஒரு நாள் விட்டு மறுபடி சேர்த்தார்கள்.

அதோடு நாலு வாரம் பேசாமல் இருங்கள், அப்புறம் ஸ்கேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் பேசாமல் இருக்கவில்லை. ஒரு வாரத்திலேயே வந்தார். சினை நின்றதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கலாமே என்றார். நாய்க்கு அப்படிப் பார்க்க முடியாது என்று விளக்கினேன். முட்டை வெளியான பிறகு சினையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அளவு இரண்டு மாதம் உயரத்திலேயே நிற்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாத பெட்டைக்கும் உடம்பு அப்படியேதான் இருக்கும், சிலதுக்குப் பால்கூட ஊறும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "சரி, சும்மா ஒரு தடவ எடுங்களேன்," என்றார். எதுக்குச் சும்மா என்று கத்தினேன். அவர் பெட்டையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மெசேஜ் வரும் இல்லீங்களா."

நான் எடுக்கவில்லை. அந்த நாயை அதற்காகக் குத்துவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர் போன பிறகு வெகுநேரம் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். இறந்துபோனவர்களின் எண்கள் என் போனில் எத்தனை இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். எதையும் அழிக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். நாய் இல்லை, தனியாக. போனை நீட்டினார். அன்புள்ள இன்னார், உங்கள் ரிப்போர்ட் தயார். அளவைப் பார்த்தேன். புள்ளி மூன்று. சினை தங்குவதற்கு இரண்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். கீழே போனால் கலைந்துவிடும். இத்தனை கஷ்டப்பட்டு, கூட்டத்தை எதிர்த்து நடந்து, எல்லாம் போயிற்றே என்று அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். அப்புறம்தான் உறைத்தது: நாயிடமிருந்து யார் ரத்தம் எடுத்தது? நான் எடுக்கவில்லை.

அவர் முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து ஒட்டிய பிளாஸ்திரி இருந்தது.

தானே நேராகப் போய், அதே பெயரும் வயதும் சொல்லி, கையை நீட்டியிருக்கிறார். எந்தப் பரிசோதனை என்று கேட்டதற்கு, போன தடவை எடுத்ததே என்றிருக்கிறார். மாதவிலக்கு நின்றுபோன ஐம்பது வயது உடம்பில் அது அவ்வளவுதான் இருக்கும். அந்த எண்ணுக்கு எதிரே, இருபத்தி நாலு வயதுப் பெண்ணுக்கு இது குறைவு என்று காட்டும் அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தது. அவர் அதைத்தான் காட்ட வந்திருந்தார். பயந்திருந்தார். "அவளுக்குக் கம்மியாயிருக்குன்னு போட்டிருக்கே மேடம்," என்றார்.

நான் மருத்துவம் படித்தவள். அந்தப் பேச்சில் பைத்தியம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பிடரி மயிர் சிலிர்த்தது. பட்டப்பகல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, வெளியே ஒரு கூடை இளநீரை இறக்கிக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பின்னால் யாரோ பதிலுக்காகக் காத்திருப்பது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அலமாரிதான் இருந்தது.

"இது உங்க ரத்தம்மா," என்றேன். "உங்க வயசுக்கு இது சரிதான். யாருக்கும் ஒண்ணும் கொறையல."

அவர் தலையாட்டினார். தெரியும் என்றார். தெரியும், ஆனால் பார்த்ததும் பதறிவிட்டது என்றார். இனிமேல் ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள் என்றேன். போகமாட்டேன் என்றார். அதற்கு அப்புறம் அவர் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நாலு வாரம் ஆன அன்று கணவரும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். கணவர் உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு, டீக்கடைப் பக்கம் போய்விட்டார். பெட்டையை மல்லாத்திப் படுக்கவைத்து, தலைமாட்டில் அந்த அம்மாவை நிற்கச் சொன்னேன். அடிவயிற்று மயிரை மழித்து, பசையைத் தடவினேன். என் ஸ்கேன் கருவி சின்னது, பழையது, திரை ஒரு புத்தகத்தின் அகலம்தான். முதலில் மூத்திரப்பை கறுப்பாக வந்தது. அதை அடையாளம் வைத்துக்கொண்டு மெதுவாக மேலே போனேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தேன்.

கறுப்பு உருண்டை ஒன்று வந்தது. உள்ளே சுவரை ஒட்டி, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெளிர்ப்பொட்டு. அதன் நடுவில் ஏதோ துடித்தது. இமைக்கிற மாதிரி வேகம், விடாமல்.

"இதோ," என்றேன். "நெஞ்சு துடிக்குது."

அவர் திரையைப் பார்க்கவில்லை. நாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீவிர சிகிச்சையில் நாலு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இனிமேல் பார்க்க முடியாது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நானே பார்த்துச் சொன்னேன். இன்னொன்று, அதிலும் துடிப்பு. வலப்பக்கம் இரண்டு, இரண்டிலும் இருக்கிறது. எத்தனை குட்டி என்று இதில் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சினை நின்றிருக்கிறது, நன்றாக நின்றிருக்கிறது என்றேன்.

அப்போது அவர் திரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் கை ஐந்தாவது உருண்டையில் நின்றுவிட்டது. மற்றவற்றைவிடச் சிறியது, ஓரம் நசுங்கி, உள்ளே கலங்கலாக இருந்தது. பொட்டு இருந்தது. நான் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

"இது ஏன் சும்மா இருக்குது?" என்று கேட்டார்.

மறைக்க எனக்குத் தெரியாது. இது நின்றுபோய்விட்டது, நாய்களுக்கு இப்படி ஒன்றிரண்டு நிற்பது சகஜம், மற்றவற்றுக்கு எந்தக் கெடுதலும் வராது என்றேன். அதை எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன்.

"அப்ப அது எப்ப வெளிய வரும்?"

"வராதும்மா. இவ்வளவு சின்னதுல நின்னுபோனா தாய் உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வாங்கிக்கும். அடுத்த தடவ பாத்தா இருந்த இடம்கூடத் தெரியாது."

"யாரும் எடுத்துக்கிட்டுப் போகமாட்டாங்களா?"

"மாட்டாங்க. தாய்க்குள்ளயே இருக்கும்."

அவர் பஞ்சை எடுத்து, பெட்டையின் வயிற்றில் இருந்த பசையைத் துடைக்க ஆரம்பித்தார். அது என் வேலை, ஆனால் நான் தடுக்கவில்லை. ஒரு இடம் விடாமல், அழுத்தாமல் துடைத்தார். நாய் அவர் மணிக்கட்டை நக்கியது. குனிந்து அதன் முகத்துக்கு நேராகத்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

"நீ குடுத்து வெச்சவ."